கையெழுத்து வந்த வேலைக்குத்தான் வரிசை

ஒற்றை நிற ஆஃப்செட் மெஷின் ஒன்றை மட்டும் வைத்து அச்சகம் நடத்துகிறவரிடம் ஒரு நாளைக்கு எவ்வளவு அடிக்கலாம் என்று கேட்டால், மெஷினின் வேகத்தைத்தான் சொல்வார். மணிக்கு 4,000 தாள், நன்றாக ஓடினால் 5,000. அந்தக் கணக்கில் ஆயிரம் நோட்டீஸ் கால் மணி நேர வேலை. அப்படியானால் ஒரு பகலில் முப்பது வேலை முடிய வேண்டும். ஏழெட்டு முடிந்தாலே பெரிய காரியம் என்பதுதான் நடப்பு.

மீதி நேரம் எங்கே போகிறது என்றால், மெஷின் நிற்பதில் போகிறது. மை மாற்ற நிற்கிறது, தாள் மாற்ற நிற்கிறது, பிளேட் மாட்ட நிற்கிறது, "கொஞ்சம் பொறுங்க, மாமா பேரு விட்டுப்போச்சு" என்று போன் வந்ததால் நிற்கிறது. கன்னியாகுமரி மாவட்டத்தில் தக்கலைப் பக்கத்தில் எங்கள் குடும்பத்துக்கு இருக்கும் சிறிய அச்சகத்துக்கு வருவதெல்லாம் சின்ன எண்ணிக்கை வேலைகள்தான். கோயில் கொடை நோட்டீஸ், பங்குத் திருவிழா அழைப்பு, ரப்பர் கடைச் சீட்டு, ஆட்டோ சங்க ரசீது, டியூஷன் விளம்பரம், நடுவில் கல்யாண அழைப்பிதழ். ஆயிரம், ரெண்டாயிரத்தைத் தாண்டுவது அபூர்வம். ஒரே வேலை 50,000 அடிக்கிற இடத்தில் மை மாற்றும் நேரம் ஒரு பொருட்டே இல்லை. ஆயிரம் அடிக்கிற இடத்தில் அதுதான் முழுப் பிரச்சினை. அடிக்க 15 நிமிடம், அதற்கு முன் ரோலர் கழுவ 35 நிமிடம் என்றால் நாம் நடத்துவது அச்சகமா கழுவகமா என்று கேட்கத் தோன்றும்.

அதனால் வேலைகளை வந்த வரிசையில் அடிக்காமல் நிறம் பார்த்து, தாள் பார்த்துச் சேர்த்து அடிக்க வேண்டும். இது எந்த மெஷின்மேனுக்கும் தெரியும். ஆனாலும் பல கடைகளில் காலையில் போட்ட வரிசை மத்தியானம்வரைகூட நிற்பதில்லை. வரிசை போடத் தெரியாததால் அப்படி ஆவதில்லை. அடிக்கும் முன் சரிபார்க்கக் கொடுக்கிற மாதிரித் தாளான புரூஃபில் சரி என்று கையெழுத்து வராத வேலையையும் வரிசையில் சேர்த்துவிடுவதுதான் காரணம். ஒரு நாள் வேலையைக் கையில் எடுத்துக் கணக்குப் போட்டால் இது தெளிவாகும்.

முதலில் எதற்கு எவ்வளவு நேரம் என்று பார்ப்போம். எங்கள் மெஷினில், எங்கள் ஆளின் கையில், வெளிர் நிறத்திலிருந்து அடர் நிறத்துக்குப் போக ஒரு கழுவல் போதும். சிவப்பிலிருந்து நீலம், நீலத்திலிருந்து கருப்பு என்று போனால் சுமார் 20 நிமிடம். திரும்பி வருவது அப்படி அல்ல. கருப்பு ஓடிய மெஷினில் நீலமோ சிவப்போ போட வேண்டுமானால் ஒரு முறை கழுவி, புது மையைக் கொஞ்சம் ஓட்டி, அது உள்ளே மிச்சமிருந்த கருப்பை இழுத்துக்கொண்டு வந்ததும் அந்த மையையும் கழுவி எடுத்து, பிறகுதான் வேலைக்கான மை போட வேண்டும். 35 நிமிடம் ஆகும். அதற்கு மேலும் ஆகலாம்.

அப்படிக் கழுவியும் மிச்சம் எங்கே ஒளிந்திருக்கும் என்பது மெஷின் பக்கம் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். ரோலரின் நடுப்பகுதி சுத்தமாகிவிடும், இரண்டு ஓரங்களும் ஆகாது. வெள்ளைத் துணியை விரலில் சுற்றி ஓரத்தில் அழுத்தித் தேய்த்தால் துணியில் நிழல் மாதிரி பழைய நிறம் ஒட்டும். மைத்தொட்டியின் இரண்டு மூலைகளிலும் இருக்கும். தண்ணீர் ரோலருக்குத் துணி உறை போட்ட மெஷின் என்றால் அந்த உறைக்குள் இருக்கும், அது கழுவலுக்கு அசையவே அசையாது. இதைக் கவனிக்காமல் சிவப்பை ஓட்டினால் முதல் நூறு தாள் நன்றாக வந்து, அதன் பிறகு சிவப்பு மெல்ல செங்கல் நிறத்துக்குப் போகும். கொடை நோட்டீஸின் அடுக்கில் மேல் தாளையும் அடித் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் வேறு கடையில் அடித்தது மாதிரி இருக்கும்.

தாள் மாற்றுவது இவ்வளவு நேரம் தின்னாது. ஒரே கனம், ஒரே அளவு என்றால் அடுக்கை வைத்து, காற்றைக் கொஞ்சம் சரிபார்த்து, ஓரத் தடுப்பை ஒட்டவைத்தால் முடிந்தது. 5 நிமிடம். மெல்லிய தாளிலிருந்து கார்டுக்குப் போவதும், கார்டிலிருந்து தாளுக்கு வருவதும்தான் இழுக்கும். 60 ஜிஎஸ்எம் மேப்லித்தோவுக்கு வைத்த அழுத்தத்தில் 300 ஜிஎஸ்எம் கார்டைக் கொடுத்தால் பிளாங்கெட் நசுங்கும். அழுத்தம், உறிஞ்சும் காற்று, இரட்டைத் தாள் தடுப்பு எல்லாவற்றையும் திரும்ப அமைக்க வேண்டும். 15 நிமிடம் வையுங்கள். பிளேட் மாட்டி, மையும் தண்ணீரும் சமநிலைக்கு வர ஒவ்வொரு வேலைக்கும் 10 நிமிடம் எப்படியும் போகும். எப்படி வரிசை போட்டாலும் அது குறையாது. அதை விட்டுவிடுவோம்.

இனி வேலைகள். ஒரு நாள் கையில் இருப்பவை, வந்த வரிசையிலேயே சொல்கிறேன். எல்லாம் ஒரே அளவுக்கு வெட்டிய தாள் என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் ரப்பர் கடையின் எடைச்சீட்டு, நீலம், 60 ஜிஎஸ்எம் வெள்ளை. இரண்டாவது கொடை விழா நோட்டீஸ், சிவப்பு, மஞ்சள் கலர் தாள். மூன்றாவது ஒரு பள்ளிக்கூடத்தின் தேர்வுத்தாள், கருப்பு, 60 வெள்ளை. நான்காவது ஆட்டோ சங்கத்தின் சந்தா ரசீது, நீலம், 60 வெள்ளை. ஐந்தாவது டியூஷன் விளம்பரம், கருப்பு, கலர் தாள். ஆறாவது கல்யாண அழைப்பிதழ், சிவகாசியிலிருந்து வந்த ரெடிமேட் கார்டில் பெயர்களை மட்டும் சிவப்பில் அடிக்க வேண்டும். ஏழாவது ஒரு டாக்டரின் மருந்துச்சீட்டு, நீலம், 70 ஜிஎஸ்எம் வெள்ளை.

வந்தபடியே அடித்தால் நிறம் நீலம், சிவப்பு, கருப்பு, நீலம், கருப்பு, சிவப்பு, நீலம் என்று போகிறது. ஆறு முறை மை மாற்றம். அதில் மூன்று அடர்நிறத்திலிருந்து வெளிர்நிறத்துக்கு, மூன்று வெளிரிலிருந்து அடருக்கு. மூன்று 35-ம் மூன்று 20-ம் சேர்ந்து 165 நிமிடம். தாள் மாற்றத்துக்கு 45 நிமிடம், ஏனென்றால் நடுவில் கார்டு வந்து போகிறது. மொத்தம் 210 நிமிடம், மூன்றரை மணி நேரம். பிளேட் மாட்டுவதும் அடிப்பதும் ஏழு வேலைக்கும் சேர்ந்து இன்னொரு மூன்றரை மணி நேரம் ஆகிறது என்று வைத்தால், மெஷின் ஓடிய அளவுக்கு நின்றும் இருக்கிறது.

இதையே மாற்றி அடுக்கலாம். முதலில் சிவப்பு: கல்யாணக் கார்டு, பிறகு கொடை நோட்டீஸ். ஒரு கழுவல். அடுத்து நீலம்: மருந்துச்சீட்டு, எடைச்சீட்டு, சந்தா ரசீது. ஒரு கழுவல். கடைசியில் கருப்பு: தேர்வுத்தாள், டியூஷன் விளம்பரம். மை மாற்றம் இரண்டே முறை, இரண்டும் வெளிரிலிருந்து அடருக்கு, 40 நிமிடம். தாள் மாற்றம் 30 நிமிடம். ஆக 70. முன்னதற்கும் இதற்கும் 140 நிமிடம் வித்தியாசம். காலை மெஷினை ஆரம்பிக்கும் முதல் அமைப்பு இரண்டு கணக்கிலும் இல்லை.

இந்த வரிசையில் ஒரு சின்ன நுணுக்கம் இருக்கிறது. நீலத்துக்குள் மருந்துச்சீட்டை முதலிலும் 60 ஜிஎஸ்எம் வேலைகளைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன். அடுத்து வரும் கருப்பும் 60 வெள்ளையில்தான் தொடங்குகிறது. நீலம் எந்தத் தாளில் முடிகிறதோ அதே தாளில் கருப்பு ஆரம்பிக்கும்படி வைத்தால் அந்த இடத்தில் ஃபீடர் பக்கம் கை வைக்கவே வேண்டாம். ஒவ்வொரு நிறத்துக்குள்ளும் கார்டு முதல், கலர் தாள் கடைசி என்று ஒரே ஒழுங்கை வைத்துக்கொள்வது பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நிறம் மாறும் ஒவ்வொரு முறையும் தாளும் மாறும். நிறம் முதல், அதற்குள் தாள் என்பது எங்கள் மெஷினின் கணக்கு. கார்டு வேலையே அதிகமாக வருகிற கடையில், நிறத்தைவிடக் கனத்தை முதலில் பார்ப்பதுகூட லாபமாக இருக்கலாம். அவரவர் மெஷினில் எது அதிக நேரம் தின்கிறது என்று கடிகாரத்தை வைத்துப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

கார்டு காலையிலேயே முடிவதில் இன்னொரு வசதியும் உண்டு. பளபளப்பான கார்டில் மை சீக்கிரம் உறிஞ்சாது, மேலே நின்று காற்றில்தான் காயும். நம் மாவட்டத்தில் இடவப்பாதியும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. அந்த மாதங்களில் சாயங்காலம் அடித்த கார்டை மறுநாள் காலை கட்டினால் ஒன்றின் பின்பக்கத்தில் இன்னொன்றின் எழுத்து ஒட்டியிருக்கும்.

இப்போது புரூஃபுக்கு வருகிறேன்.

மேலே சொன்ன 140 நிமிடம் காகிதத்தில்தான் இருக்கிறது. அது கைக்கு வர வேண்டுமானால், காலை எட்டரைக்கு மெஷின் ஓடத் தொடங்கும்போது ஏழு வேலைக்கும் பிளேட் தயாராக இருக்க வேண்டும். பிளேட் எடுக்க வேண்டுமானால் ஏழு பேரும் புரூஃபில் "சரி" போட்டிருக்க வேண்டும். மருந்துச்சீட்டு மட்டும் வரவில்லை என்று வையுங்கள். "பத்து மணிக்குள்ள சொல்லிருவேன்" என்கிறார்கள். நீலத்தின் முறை வருகிறது, பத்து தாண்டிவிட்டது, போன் வரவில்லை. எடைச்சீட்டும் ரசீதும் முடிந்தாயிற்று. நீல மையைப் போட்டபடியே சும்மா நிற்க முடியாது, கழுவி கருப்புக்குப் போகிறோம். தேர்வுத்தாள் பாதி ஓடும்போது போன் வருகிறது: "பதிவு எண் மாத்தணும், மத்ததெல்லாம் சரி. இன்னைக்கே கிடைச்சிருமில்லியா?"

இந்த இடத்தில் "சரி" என்று சொன்னால் அதன் விலை என்ன என்று பார்க்கலாம். தேர்வுத்தாள் முடிந்ததும் கருப்பிலிருந்து நீலம், 35 நிமிடம். திரும்ப டியூஷன் விளம்பரத்துக்குக் கருப்பு, 20 நிமிடம். போகவும் வரவும் தாள் மாற்றம். ஆக சுமார் ஒரு மணி நேரம், ஒரே ஒரு தாமதமான கையெழுத்துக்காக. மிச்சப்படுத்திய 140-ல் பாதிக்குக் கொஞ்சம் குறைவு போய்விட்டது. அதே நாளில் இன்னொரு வேலையும் இப்படி வந்தால், அவ்வளவு யோசித்துப் போட்ட வரிசைக்கும் வந்தபடியே அடித்ததற்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

எங்கள் மெஷின் அண்ணன் இதை ஒரே வாக்கியத்தில் சொல்வார்: "மக்களே, கையெழுத்து வராத வேலைய எனக்குக் காட்டவே காட்டாத. பாத்தா மனசு அதுக்கும் சேத்து வரிசை போடும்." அவர் சொல்வது சரிதான். வரும் என்று நம்பி ஒரு இடத்தை ஒதுக்கி வைப்பதுதான் கெடுதல். வராத வேலையை இல்லாததாகவே நினைத்து வரிசை போட்டால், அது எப்போது வந்தாலும் அடுத்த நீலத்தோடு போகும். அதற்குத் தனிச் செலவு கிடையாது.

ஆகவே எங்கள் கடையில் இரண்டு பலகை இருக்கிறது. கம்போசிங் மேசைக்கு மேலே இருப்பதில் புரூஃப் போய்த் திரும்பாத வேலைச்சீட்டுகள் தொங்கும். மெஷின் பக்கத்துப் பலகையில் கையெழுத்து வந்தவை மட்டும். முதல் பலகையிலிருந்து இரண்டாவதற்குச் சீட்டு போவது ஒரே வழியில்தான்: கையெழுத்திட்ட புரூஃப் அதோடு பின் அடிக்கப்பட்டிருக்க வேண்டும், வாட்ஸ்ஆப்பில் ஒப்புதல் என்றால் அந்தச் செய்தியின் பிரிண்ட் இருக்க வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு இரண்டாவது பலகையில் என்ன இருக்கிறதோ அதுதான் நாளைய வேலை. அதை வைத்து வரிசை போட்டு, பிளேட்டுக்குக் கொடுத்து, தாளை வெட்டி, அடிக்கும் வரிசையிலேயே மெஷின் பக்கத்தில் அடுக்கி வைத்துவிட்டுத்தான் கடை பூட்டுவது. ஆறரைக்கு வருகிற கையெழுத்து நாளை மறுநாளைக்கு. இதில் உறவுக்காரர், ஊர்க்காரர் என்று தளர்த்தினால் அந்தப் பலகைக்கு அர்த்தமில்லை. எங்கள் சித்தப்பா மகள் கல்யாணக் கார்டும் ஒரு நாள் காத்திருந்தது. சித்தி இன்னும் அதைச் சொல்லிக் காட்டுவார்.

கையெழுத்து வாங்குவதிலும் அழுத்தமாக நிற்க வேண்டிய சில இடங்கள் உண்டு. கமிட்டி வேலை என்றால் ஒருவர்தான் சரி சொல்ல வேண்டும், அவர் யார் என்று வேலை வாங்கும்போதே சீட்டில் எழுதிவிட வேண்டும். தலைவர் சரி என்பார், செயலாளர் ஒரு திருத்தம் அனுப்புவார், பொருளாளர் பழைய புரூஃபைப் பார்த்துவிட்டு இன்னொன்று சொல்வார். வாட்ஸ்ஆப்பில் கட்டைவிரல் படம் வந்தால் நான் ஒப்புதலாக எடுப்பதில்லை. எந்தப் புரூஃபுக்குப் போட்ட கட்டைவிரல் அது? ஒவ்வொரு புரூஃபின் மூலையிலும் எண் போட்டிருப்போம். "3-ம் புரூஃப் சரி, அடிக்கலாம்" என்று எழுதி அனுப்பச் சொல்வேன். சிலருக்கு இது கெடுபிடியாகப் படும். அடித்த பிறகு வருகிற தகராறைவிட இது எவ்வளவோ மேல்.

சரி, அவர்கள் எதைப் பார்த்துச் சொல்ல வேண்டும்? "நல்லாப் பாத்துச் சொல்லுங்க" என்றால் எல்லோரும் தலைப்பையும் படத்தையும்தான் பார்ப்பார்கள். எது தப்பும் என்று தெரிந்த நாம்தான் பேனாவால் வட்டம் போட்டுக் கொடுக்க வேண்டும். நம் மாவட்டத்து நோட்டீஸில் தேதிதான் முதல் வட்டம். இங்கே கோயில் நோட்டீஸிலும் கல்யாண அழைப்பிலும் ஆங்கிலத் தேதியோடு கொல்லம் ஆண்டும் மாதமும் தேதியும் போடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. கிழமை வேறு. இவை எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். கொடை நோட்டீஸை யாரும் புதிதாக எழுதிக்கொண்டு வருவதில்லை, போன வருட நோட்டீஸைக் கொண்டுவந்து "இதையே போடுங்க, தேதிய மட்டும் மாத்துங்க" என்பார்கள். ஆங்கிலத் தேதி மாறும், கிழமை பழையதாக நிற்கும். ஆவணி பிறந்தால் கொல்லம் ஆண்டு மாறிவிடும் என்பதால், ஆடியில் கம்போஸ் செய்து ஆவணியில் நடக்கும் விழாவுக்கு ஆண்டு எண்ணில் ஒன்று குறைந்து நிற்கும். தமிழ் நாள்காட்டியின் தேதியும் மலையாளத் தேதியும் சில மாதங்களில் ஒரு நாள் முன்பின் வரும் என்பதால், எந்தப் பஞ்சாங்கத்தைப் பார்த்து எழுதினார்கள் என்று கேட்டே தீர வேண்டும். இதை அச்சகம் முடிவு செய்யக் கூடாது. வட்டம் போட்டுக் கொடுத்து, அவர்களைத்தான் எழுதச் சொல்ல வேண்டும்.

இரண்டாவது வட்டம் எழுத்துருவில் வருகிற கோளாறுக்கு. ஆட்கள் போனில் யூனிகோடில் தட்டி அனுப்புகிறார்கள். பழைய பேஜ்மேக்கரில் பழைய எழுத்துருவில் வேலை செய்கிற கடைகளில் அதை மாற்றி எடுத்துத்தான் ஒட்ட வேண்டும். மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறும், "ஸ்ரீ" காணாமல் போகும், ஒரு பெயரின் கடைசிப் புள்ளி உதிரும். அனுப்பியவர் தன் போனில் இருப்பதை ஏற்கனவே பத்து முறை படித்திருப்பார். புரூஃபில் கண் ஓடும்போது அவருக்குத் தெரிவது போனில் படித்ததுதான், தாளில் இருப்பது அல்ல. அதனால் பெயர்ப் பட்டியலை வேறு ஒருவர் உரக்க வாசிக்க, இவர் புரூஃபைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுப்போம். தாய்மாமன் பெயரும் மூத்த அத்தான் பெயரும் விட்டுப்போவதை இப்படித்தான் கல்யாணத்துக்கு முன்பே கண்டுபிடிக்க முடியும்.

மூன்றாவது நிறம். திரையில் பார்த்த நிறம் தாளில் வராது என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். அதைவிடப் பெரிய ஏமாற்றம் கலர் தாளில்தான் வரும். ஆஃப்செட் மை பெயின்ட் மாதிரி கீழே இருப்பதை மூடாது, ஓரளவு ஊடுருவித் தெரியும். மஞ்சள் தாளில் நீலம் அடித்தால் பச்சைப் பக்கம் சாயும். ரோஸ் தாளில் அதே நீலம் ஊதாவாகும். வெள்ளைத் தாளில் எடுத்த லேசர் புரூஃபைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டவர் "நான் நீலம்தானே சொன்னேன்" என்று சண்டைக்கு வந்தால் அவர் பக்கம் நியாயம் இருக்கிறது. ஆகவே கலர் தாள் வேலைக்கு, முன்பு அந்தத் தாளில் அந்த மையில் அடித்த மாதிரி ஒன்றையும் சேர்த்துக் காட்டிக் கையெழுத்து வாங்குவோம். இதற்காகவே கழிவில் போக வேண்டிய தாள்களில் நல்லதாக ஒவ்வொன்று எடுத்து ஒரு ஃபைலில் வைத்திருக்கிறோம். நிறம் இங்கே மாறினால் வேலை இடம்பெயரும் என்பதையும் கவனியுங்கள். நீலம் வேண்டாம், கருப்பே போதும் என்று அவர் புரூஃபிலேயே சொல்லிவிட்டால் சீட்டு கருப்பு வரிசைக்குப் போகும். மெஷினில் நீலம் ஓடிக்கொண்டிருக்கும்போது சொன்னால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோம்.

இதோடு சேர்ந்த இன்னொரு விஷயம், எத்தனை நிறம் வைத்துக்கொள்வது என்பது. கருப்பு, நீலம், சிவப்பு, பச்சை. இந்த நான்கும் டப்பாவில் வருகிறபடியே. மெரூன், வயலெட், "கொஞ்சம் கடும் நீலம்" என்று கேட்டால் அடிக்கலாம், கூடுதல் காசும் கூடுதல் நாளும் ஆகும் என்று வேலை வாங்கும்போதே சொல்லிவிடுவோம். பாதிப் பேர் உடனே "அப்ப சாதா சிவப்பே போடுங்க" என்பார்கள். அவர்களுக்கு அந்த மெரூன் அவ்வளவு முக்கியமாக இருந்ததில்லை.

சேர்த்து அடிப்பதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. கருப்பும் நீலமும் தினமும் வரும். பச்சை எப்போதாவதுதான் வரும். இன்னொரு பச்சை வரட்டும் என்று காத்திருந்தால் அந்த ஒற்றைப் பச்சை வேலை பலகையிலேயே கிடந்து பழுக்கும், கெடு தேதி தாண்டும். எனவே ஒவ்வொரு சீட்டிலும் கொடுக்க வேண்டிய தேதி பெரிதாக எழுதியிருக்கும். நாளை கொடுக்க வேண்டியவை எல்லாம் இன்று அடித்தே ஆக வேண்டும், அவற்றின் முன்பின் மட்டும்தான் நிறத்தைப் பார்த்து முடிவாகும். அதற்குப் பிறகு, இரண்டு மூன்று நாள் கழித்துக் கொடுக்க வேண்டியவற்றில் இன்றைய நிறத்தோடும் தாளோடும் பொருந்துபவை இருந்தால் முன்னால் இழுத்துக்கொள்ளலாம். பின்னால் தள்ளுவதைவிட முன்னால் இழுப்பதில்தான் சேமிப்பு கிடைக்கிறது. முன்னால் இழுக்க வேண்டுமென்றால் அதன் புரூஃப் அவசரம் வருவதற்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வேலை வந்த அன்றே, அது எவ்வளவு தள்ளிப் போடக்கூடியதாக இருந்தாலும், புரூஃபை மட்டும் எடுத்து அனுப்பிவிடுவது இதற்காகத்தான். "அடுத்த வாரம்தானே" என்று கம்போசிங்கில் கிடக்கும் வேலையை மெஷினால் முன்னால் இழுக்க முடியாது.

துட்டி வீட்டு வேலைக்கு எந்த வரிசையும் கிடையாது. அதை மெஷினில் ஏற்றுவதும் கிடையாது. நூறு இருநூறு கருப்பு நோட்டீஸுக்கு ஜெராக்ஸ் மெஷினே போதும், அரை மணி நேரத்தில் கொடுத்துவிடலாம். தாளுக்குச் செலவு கொஞ்சம் கூடும். சிவப்பு ஓடுகிற மெஷினை நிறுத்திக் கழுவுவதோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. புரூஃப் மட்டும் அங்கேயும் உண்டு. இறந்தவர் பெயரும் அடக்க நேரமும் வந்திருப்பவரை வைத்தே படித்துப் பார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவது.

இரண்டு நிற வேலைதான் இந்த ஏற்பாட்டைச் சோதிக்கும். லெட்டர்பேடு ஒன்று, சின்னம் சிவப்பு, முகவரி நீலம். ஒற்றை நிற மெஷினில் இது இரண்டு வேலை, இரண்டு பிளேட், இரண்டு வரிசை. கையெழுத்து மட்டும் ஒன்று. சிவப்பை இன்றைக்கு அடித்துவிட்டு முகவரியை நாளை திருத்துவதற்கு இடமே இல்லை. சிவப்பு ஏறிய தாள் ஈரக் காற்றில் இரவு முழுக்கக் கிடந்தால் கொஞ்சம் விரியும். மறுநாள் நீலம் அடிக்கும்போது ஒரு ஓரத்தில் பொருந்துவது மறு ஓரத்தில் முடியளவு விலகும். மெஷின்மேன் எவ்வளவு தட்டினாலும் சேராது, ஏனென்றால் மாறியிருப்பது தாள். எனவே மழைக்காலத்தில் இப்படி ஒரு வேலை வந்தால், சிவப்பும் நீலமும் இரண்டும் ஓடுகிற நாளாகப் பார்த்துத்தான் அதை எடுப்போம். சிவப்பு வரிசையில் அது முதலாவது, நீல வரிசையில் கடைசி. நடுவில் காய்வதற்கு அந்த நாள் தருகிற நேரம் முழுவதும் கிடைக்கும். அதுவரை அடுக்கை பாலித்தீனால் மூடி, வாசல் காற்று படாத பக்கம் வைப்போம். நீலம் ஏற்றும் முன் சிவப்பு அடித்த ஐந்தாறு தாளை ஒன்றின் மேல் ஒன்றாக ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, சின்னங்கள் நேர்க்கோட்டில் நிற்கின்றனவா என்று அண்ணன் பார்ப்பார். நின்றால் பிளேட்டை மாட்டுவார்.